மைப்படிக்கு ஒரு நியாயம், வார்ப்புப்படிக்கு ஒரு நியாயமா?

கல்வெட்டு ஆய்வாளர் எவரும் மைப்படியைப் போலி என்று சொல்வதில்லை. மைசூரில் இருந்த தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகளைச் சென்னைக்கு மாற்றுமாறு 2021இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. ஈரத்தாளைக் கல்லின்மேல் ஒற்றி, தூரிகையால் தட்டி, மை பூசி எடுத்த படிகளுக்காக நடந்த வழக்கு அது. கல் சிதைந்த பின்னும் படி பேசும் என்பதை மொழியியல் துறையினராகிய நாம் அறிவோம். ஆனால் சிற்பத்தின்மேல் அச்செடுத்து ஊற்றிய பிளாஸ்டர் வார்ப்பைக் கண்டால் மட்டும் “நகல்தானே” என்று கடந்துவிடுகிறோம். இந்த வேறுபாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் இந்தியாவின் கலைப்பள்ளிகளுக்கு ஐரோப்பியப் பாடமுறையே முன்மாதிரியாக இருந்தது. மாணவர் முதலில் அச்சுப்படங்களைப் பார்த்து வரைவார். அடுத்து கிரேக்க, ரோமானியச் சிலைகளின் வார்ப்புகளை வரைவார். அதன் பிறகே உயிருள்ள மனித உருவத்திடம் வருவார். வார்ப்பு இடைப்படியாக அமைந்ததற்குக் காரணம் எளிது. அது அசையாது; வெண்ணிறம் ஆகையால் வண்ணம் கண்ணைத் திசைதிருப்பாது. ஒரே பக்கத்திலிருந்து ஒளி விழும்போது, வளைவு எங்கே திரும்புகிறது, நிழல் எங்கே மெலிகிறது என்பதை நாட்கணக்கில் உற்றுநோக்கலாம். கண்ணையும் கையையும் ஒருங்கே பழக்கும் முறை அது.

கல்கத்தா அரசு கலைப்பள்ளியில் இம்முறை வேறொரு திசையிலும் வளர்ந்தது. அதன் தலைவர் ஹென்றி லாக், 1868-69இல் ராஜேந்திரலால் மித்ராவின் ஒடிசா ஆய்வுப் பயணத்துக்குத் தம் மாணவர்களை அனுப்பினார். அவர்கள் புவனேசுவரக் கோயில்களில் வரைபடங்களோடு வார்ப்புகளும் எடுத்தனர். வார்ப்பெடுப்பவர் மடிப்புகளின் ஆழத்தையும் உட்குடைவுகளையும் விரலால் அறிந்தாக வேண்டும். அச்சு சிக்காமல் கழல, எங்கே பிரித்தெடுப்பது என்று முன்பே கணிக்க வேண்டும். சிற்பி கல்லில் இட்ட முடிவுகளைத் தலைகீழாகப் படிக்கும் பயிற்சி என்றே அதைச் சொல்லலாம்.

1896இல் ஈ. பி. ஹேவெல் அப்பள்ளியின் பொறுப்பேற்றதும், ஐரோப்பிய வார்ப்புகளைப் பாடத்திலிருந்து அகற்றினார். இந்திய மாணவருக்கு இந்தியக் கலையே அடிப்படை என்பது அவர் நிலைப்பாடு. மாணவரிடையே எதிர்ப்பு எழுந்தது. ரணதாபிரசாத் குப்தா வெளியேறி 1897இல் ஜுபிலி கலைக்கழகத்தைத் தொடங்கினார். ஹேவெலின் கேள்வி நியாயமானது: எவருடைய அழகை அளவுகோலாகக் கொள்வது? ஆயினும் அன்றிலிருந்து இரண்டு கேள்விகள் ஒன்றாகக் குழம்பிவிட்டன. எதைப் படியெடுப்பது என்பது ஒன்று. படியெடுத்துக் கற்பது பயனுள்ளதா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குக் கிடைத்த விடையை இரண்டாவதற்கும் உரியதாகக் கொண்டோம்.

வார்ப்பின் குறைகளை மறைக்க வேண்டியதில்லை. அது கல்லின் நிறத்தையும் எடையையும் தராது. ஒரே அச்சில் மீண்டும் மீண்டும் ஊற்றினால் கூர்மையான விளிம்புகள் மழுங்கும். இமையோரமும் அணிகலன்களும் முதலில் கரையும். அச்சுத்துண்டுகள் சந்தித்த கோடுகள் மேற்பரப்பில் மெல்லிய வரம்பாகத் தெரியும். அவற்றைத் தேய்த்து நீக்கிய இடத்தில் மூல வடிவமும் கொஞ்சம் போயிருக்கும். அச்செடுக்கப் பூசும் எண்ணெய் மூலக் கல்லையே கறைப்படுத்தக்கூடும். இவற்றுக்கும் மேலாக, பள்ளிகளில் வழிபடப்பட்ட “கிரேக்க” வார்ப்புகளுள் பல ரோமானிய நகல்களின் நகல்களே.

ஆனால் வார்ப்பு ஒரு தேதியையும் சுமக்கிறது. ஏதென்ஸின் பார்த்தெனான் கோயிலின் மேற்குப்பக்கச் சிற்பவரிசையில் எல்கின் பிரபுவின் ஆட்கள் 1800களின் தொடக்கத்தில் வார்ப்பெடுத்தனர். மூலச் சிற்பங்கள் அதன் பிறகும் நெடுங்காலம் திறந்த வெளியில் தேய்ந்தன; இன்று மூலத்தில் காணாத நுட்பங்கள் அந்த வார்ப்புகளில் உள்ளன. பாடம் ஒப்பிடுபவருக்கு இது புதிதன்று: மூலவோலை அழிந்த பின், பழைய படியே சான்று.

பெங்களூருவுக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. மைசூர் அரசின் ஆதரவில் கல்கத்தாப் பள்ளியில், ஹேவெலுக்குப் பின் அவனீந்திரநாத்திடம் பயின்ற கே. வெங்கடப்பா, பிளாஸ்டரிலேயே புடைப்புச் சிற்பங்கள் படைத்தார். கஸ்தூரிபா சாலையில் அவர் பெயர் தாங்கிய கலைக்கூடத்தின் தொகுப்பில் பிளாஸ்டரே மூலம். ஆக, தாழ்வு பொருளில் இல்லை. இதே நகரின் மித்திக் சொசைட்டி இன்று கல்வெட்டுகளை முப்பரிமாண ஸ்கேன் செய்து வருகிறது. சாலை விரிவாக்கத்தில் ஒரு நடுகல் காணாமற்போனால் அந்தப் பதிவே எஞ்சும்.

எனவே என் கோரிக்கை இதுதான். அருங்காட்சியகங்களும் கலைக்கல்லூரிகளும் தம் கிடங்குகளிலுள்ள வார்ப்புகளை உடைத்தெறியும் முன், மைப்படிக்குத் தரும் மரியாதையை அவற்றுக்கும் தரட்டும்: எதிலிருந்து, எப்போது, எவரால், எத்தனையாவது படியாக எடுக்கப்பட்டது என்று ஒரு குறிப்பு எழுதட்டும். அக்குறிப்பில்லாத வார்ப்பு வெறும் அலங்காரம். அக்குறிப்போடு நிற்கும் வார்ப்பு ஆவணம்.