தூங்காத காவல்காரர்

கோத்ரூடில் வீடு, ஹிஞ்சவடியில் அலுவலகம். புனேயில் இப்படி வாழ்பவர்கள் ஏராளம். அவர்களில் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அலுவலகத்தில் இருக்கும்போது வீட்டுக் கம்ப்யூட்டரில் உள்ள ஒரு ஃபைல் தேவைப்படுகிறது. கம்ப்யூட்டரோ உறங்குகிறது. நாள் முழுக்க ஓடவிட்டு வரலாமே என்றால் மின் கட்டணம் இடிக்கிறது. சும்மா இருக்கும்போதே 60 வாட் இழுக்கும் ஒரு கம்ப்யூட்டர் மாதத்துக்கு 43 யூனிட் தின்றுவிடும்.

உறங்கும் கம்ப்யூட்டரை எழுப்ப வழி உண்டு. ஏ.எம்.டி. நிறுவனம் 1995இல் வெளியிட்ட 'மேஜிக் பாக்கெட்' என்ற உத்தி அது. கம்ப்யூட்டர் அணைந்தாலும் அதன் நெட்வொர்க் கார்டு சொற்ப மின்சாரத்தில் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும். அதற்குக் கேட்க வேண்டியது 102 பைட் நீளமுள்ள ஒரு செய்தி. முதல் 6 பைட்டுகள் வெறும் அறிவிப்பு. பிறகு அந்தக் கார்டின் மேக் முகவரி 16 முறை அடுத்தடுத்து வரும். கார்டு அதை அடையாளம் கண்டதும் கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்பிவிடும்.

ஆனால், இந்தச் செய்தியை ஹிஞ்சவடியிலிருந்து நேரே அனுப்ப முடியாது. வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாகப் போடப்படும் கூப்பாடு அது. வெளியிலிருந்து வரும் கூப்பாட்டை ரவுட்டர் உள்ளே விடாது. தவிர, இந்தியாவில் பல இணைய நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரியைத் தருகின்றன. வெளியிலிருந்து கதவைத் தட்டலாம் என்றால், தட்டுவதற்குத் தனிக் கதவே இல்லை.

எனவே, வீட்டுக்குள் ஒருவர் விழித்திருக்க வேண்டும். அந்த வேலைக்கு உள்ளங்கை அளவுள்ள ராஸ்பெரி பை போதும். 4 வாட் என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு 3 யூனிட்கூட ஆகாது. டெயில்ஸ்கேல் போன்ற மென்பொருளை அதில் போட்டால் அதுவே உள்ளிருந்து வெளியே இணைப்பு ஏற்படுத்திக்கொள்ளும். பொது முகவரி தேவையில்லை. பிறகு அலுவலகத்திலிருந்து அந்தச் சிறு கம்ப்யூட்டருக்குள் நுழைந்து, எழுப்ப வேண்டியதன் மேக் முகவரியுடன் ஒரு வரி அடித்தால் ஆயிற்று:

```
wakeonlan 00:11:22:33:44:55
```

உறங்கும் கம்ப்யூட்டர் ரவுட்டருடன் கேபிளில் இணைந்திருப்பது நல்லது. வைஃபையில் இது பெரும்பாலும் பலிப்பதில்லை. பயாஸில் Wake on LAN என்பதை இயக்கி, ErP என்று இருந்தால் அதை அணைக்க வேண்டும். ErP மின்சாரத்தை மிச்சம் பிடிக்க நெட்வொர்க் கார்டின் உயிரையும் பறித்துவிடும். விண்டோஸில் Fast Startup இருந்தால், முழுதாக அணைத்த கம்ப்யூட்டர் எழ மறுக்கலாம். அணைப்பதைவிட Sleep நிலையில் விடுவது நம்பகமானது.

எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருக்கும், ஒரு வியாழக்கிழமை வரும்வரை. புனேயில் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவது வழக்கமாக அன்றுதான். மின்சாரம் திரும்பியதும் ராஸ்பெரி பை தானே எழுந்துவிடும். பெரிய கம்ப்யூட்டர் எழாது; எத்தனை முறை கூப்பிட்டாலும் பதில் வராது. காரணம் எளியது. காது கொடுத்துக் கேட்கும்படி நெட்வொர்க் கார்டுக்குக் கட்டளையிடுவது, கம்ப்யூட்டர் உறங்கப்போகும் நேரத்தில்தான். மின்சாரம் அடியோடு போனால் பல கார்டுகளில் அந்தக் கட்டளை அழிந்துவிடும். கண்டுபிடிப்பதும் சுலபம். கேபிள் செருகியுள்ள இடத்தில் சிறு விளக்கு எரியவில்லையென்றால் காது அடைபட்டிருக்கிறது என்று பொருள்.

இதற்கு மருந்தும் பயாஸிலேயே உண்டு. Restore on AC Power Loss என்பதை Power On என்று மாற்ற வேண்டும். மின்சாரம் வந்ததும் கம்ப்யூட்டர் தானே எழும். சில நிமிடங்கள் வேலையில்லாவிட்டால் உறங்கும்படி விண்டோஸில் நேரம் குறித்துவிட்டால், கார்டுக்குக் கட்டளையிட்டுவிட்டு மறுபடி உறங்கிவிடும்.

ஓர் எச்சரிக்கை. மேஜிக் பாக்கெட்டுக்கு வழக்கமாகக் கடவுச்சொல் கிடையாது. வீட்டு நெட்வொர்க்குக்குள் வந்த எவரும் எழுப்பலாம். அதனால் ரவுட்டரில் இதற்கென்று வாசல் திறந்து வைக்கக் கூடாது. ராஸ்பெரி பைக்கும் எளிதில் ஊகிக்க முடியாத கடவுச்சொல்லைக் கட்டாயம் வைக்க வேண்டும். எல்லோரையும் எழுப்பும் அதிகாரம் அதன் கையில் இருக்கிறது. காவல்காரரே கதவைத் திறந்து விட்டால் வீட்டில் பூட்டு இருந்து என்ன பயன்?