பெட்டியில் இருக்கும் இன்னொரு மாத்திரை

காசநோய் மாத்திரை வாங்கிப் போகிறவரிடம், "மூத்திரம் ஆரஞ்சு கலர்ல போகும், பயப்படாதீங்க" என்று குறிஞ்சிப்பாடிப் பக்கம் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்லிவிடுவார். ரிஃபாம்பிசின் பண்ணும் வேலை அது. அதே மருந்து சத்தமில்லாமல் இன்னொரு வேலையும் பண்ணுகிறது. அதற்காகக் கேட்க வேண்டிய, "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்ற கேள்விதான் பல நேரம் விட்டுப்போகிறது.

மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் நொதிகள் கல்லீரலில் இருக்கின்றன. ரிஃபாம்பிசின் அவற்றை வழக்கத்தைவிட அதிகமாக உருவாக வைக்கும். இது முழு வேகம் பிடிக்க ஒன்றிரண்டு வாரம் ஆகும். மருந்தை நிறுத்திய பிறகு அடங்கவும் இரண்டு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும்.

தறியில் லுங்கி நெய்யும் ஒரு அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். இதயத்தில் உலோக வால்வு இருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்கத் தினம் 5 மி.கி. வார்ஃபரின், ஐ.என்.ஆர். 3. காசநோய் மருந்து தொடங்கிய இரண்டாவது வாரத்தில் அது 1.5-க்கு இறங்குகிறது. மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை என்று வீட்டில் திட்டு விழும். பாவம், அவர் ஒருவேளைகூட விடவில்லை. வால்வில் ரத்தம் உறைந்தால் பக்கவாதம் வரலாம் என்பதால், மருத்துவர் வாரந்தோறும் ரத்தம் பார்த்து 7.5, 10 என்று ஏற்றி 15 மி.கி.யில் நிறுத்துகிறார். சிலருக்கு ஐந்து மடங்குகூடத் தேவைப்படும்.

என்னைக் கேட்டால், இதைவிடப் பெரிய கண்டம் ஆறு மாதம் கழித்துத்தான். காசநோய் மருந்து முடிந்த சந்தோஷத்தில் ரத்தப் பரிசோதனைக்குப் போக மறந்துவிடுகிறார்கள். கல்லீரல் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கும். வார்ஃபரின் மட்டும் அதே 15. மூன்றாவது வாரம் பல் தேய்க்கும்போது ரத்தம், தொடையில் காரணமில்லாத கன்றல், மலம் கறுப்பு. தலைக்குள் கசிந்தால் உயிருக்கே உலை. நிறுத்திய பிறகும் ஒரு மாதமாவது வாரந்தோறும் பார்த்து அளவை இறக்கியாக வேண்டும்.

மாலா-என் போன்ற கருத்தடை மாத்திரைகளையும் காசநோய் மருந்து சாப்பிடும் காலத்தில் நம்ப முடியாது, காப்பர்-டி பாதுகாப்பானது. ரிஃபாம்பிசின் முடிந்தும் நான்கு வாரம் கவனம் வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 50 மி.கி. டோலுடெக்ராவிரை ஒருவேளைக்குப் பதில் இருவேளை கொடுத்து, காசநோய் மருந்து முடிந்த பிறகும் இரண்டு வாரம் தொடர்வார்கள். வலிப்புக்கான ஃபெனிடாயின்தான் குழப்பம். ரிஃபாம்பிசின் அதைக் குறைக்கும். கூடவே கொடுக்கும் ஐசோனியாசிட் ஏற்றும். எது ஜெயிக்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ரத்தத்தில் அளவு பார்த்தால்தான் தெரியும்.

காசநோய் மருந்து தொடங்கும் நாளிலும் முடியும் நாளிலும், வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துப்போங்கள்.