சொசைட்டியில் போட்ட பணத்துக்கு இன்ஷூரன்ஸ் உண்டா?

பவானி வட்டாரத்து மஞ்சள் விவசாயி ஒருவர் கேட்டிருக்கிறார். மஞ்சளும் தேக்கும் விற்ற வகையில் 9 லட்சம் ரூபாய் கையில் இருக்கிறது. இரண்டு வருஷம் கழித்து மகள் கல்யாணம். ஊர்ச் சொசைட்டியிலும், டவுனில் உள்ள சிறு நிதி வங்கியிலும் வட்டி கூடுதலாகத் தருகிறார்கள். எதில் போடலாம்?

வட்டியைப் பார்க்கும் முன், ரசீதில் அச்சிட்டிருக்கும் பெயரைப் பார்க்க வேண்டும். மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி, நகரக் கூட்டுறவு வங்கி, சிறு நிதி வங்கி ஆகியவற்றில் போடும் பணத்துக்கு, ரிசர்வ் வங்கியின் துணை நிறுவனமான டி.ஐ.சி.ஜி.சி. காப்பீடு தருகிறது. பிரீமியத்தை வங்கியே கட்டிவிடும். ஆனால், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கு இந்தக் காப்பீடு கிடையாது. ஊரில் அதையும் 'பேங்க்' என்றே சொல்லிப் பழகிவிட்டதால்தான் இந்தக் குழப்பம். பயிர்க்கடனுக்கும் உரத்துக்கும் சங்கம் வேண்டும். கல்யாணப் பணத்தை அங்கே போடுவது வேறு விஷயம்.

காப்பீடு உள்ள வங்கி என்றாலும் வரம்பு உண்டு. ஒரு வங்கியில் ஒருவருக்கு அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய். 2020 பிப்ரவரிக்கு முன்பு இது 1 லட்சமாகத்தான் இருந்தது. அதே வங்கியின் நான்கு கிளைகளில் பிரித்துப் போட்டாலும் எல்லாம் ஒரே கணக்குதான். சேமிப்புக் கணக்கில் கிடக்கும் பணமும் அதில் சேரும்.

பலரும் தவறவிடுவது வட்டியை. அந்த 5 லட்சம் என்பது அசலும் வட்டியும் சேர்த்து. 8 சதவீத வட்டியில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி அசலோடு சேரும் வகையில், இரண்டு வருஷத்துக்கு 4,50,000 போட்டால் முடிவில் சுமார் 5 லட்சத்து 27 ஆயிரம் ஆகிவிடும். அந்த 27 ஆயிரத்துக்குக் காப்பீடு இல்லை. 4,20,000 போட்டால் சுமார் 4 லட்சத்து 92 ஆயிரத்தில் நிற்கும்.

ஆகவே, சிறு நிதி வங்கியில்தான் போடுவது என்றால், அவர் பெயரில் 4,20,000, மனைவி பெயரில் தனியாக 4,20,000 போடலாம். மனைவிக்குத் தனியாக 5 லட்சம் வரம்பு உண்டு. மீதி 60,000 ரூபாயை வேறு வங்கியில் வைத்துக்கொள்ளலாம். மொத்தப் பணத்தையும் ஒரே பெயரில் போட்டால், 1 சதவீதம் கூடுதல் வட்டிக்காக வருஷத்துக்கு ஏறக்குறைய 9,000 ரூபாய் கிடைக்கும்; அதற்காக 4 லட்சத்துக்கு மேல் காப்பீடு இல்லாமல் நிற்கும்.

ரிசர்வ் வங்கி தடை விதித்து, பணம் எடுக்க முடியாமல் போனால், காப்பீட்டுத் தொகை 90 நாளில் கிடைக்க 2021-ல் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. வரம்புக்கு மேல் உள்ள பணத்துக்கு அந்தக் கெடு இல்லை. வங்கியே மூடப்பட்டால், அதன் சொத்தை விற்றுக் கடன்களை வசூலித்த பிறகு கிடைப்பதுதான். கல்யாணத் தேதிக்குள் வருமென்று நம்ப முடியாது.

வங்கியின் பெயர் காப்பீட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று www.dicgc.org.in தளத்தில் பார்க்கலாம். வீட்டில் படிக்கிற பிள்ளைகளிடம் சொன்னால் ஐந்து நிமிஷத்தில் பார்த்துவிடுவார்கள். ரசீதில் உள்ள முழுப் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடச் சொல்லுங்கள்.