நீறு பூத்த நெருப்பு

ஆரோவிலிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கடிதத்தைப் படித்ததும், இந்த வாரம் வேறு விஷயம் எழுத மனம் வரவில்லை.

அவர் வீட்டில் சமையலுக்கு உதவியாக இருக்கும் அம்மாளின் சொந்த ஊர் மரக்காணம் பக்கம். அவள் கணவர் உப்பளத்தில் வேலை செய்கிறவர். நாளெல்லாம் உப்புத் தண்ணீரில் நின்றால் பாதம் வெடிக்காமல் என்ன செய்யும்? வெடிப்பு வழியே கிருமி புகுந்து, கணுக்கால் வரை சிவந்து வீங்கி, ஜுரமும் வந்துவிட்டது. டாக்டர் ஏழு நாளைக்கு ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்தார். ஐந்தாம் நாள் வீக்கம் வடிந்ததும் மனிதர் மாத்திரையை நிறுத்திவிட்டார். ஒன்றும் ஆகவில்லை, மறுபடி உப்பு வாரப் போய்விட்டார்.

அந்த அம்மாளின் தம்பிக்குக் காசநோய். இரண்டு மாதமாக மருந்து சாப்பிடுகிறான். இருமல் நின்று, உடம்பும் தேறிவிட்டது. இப்போது அவன், "அத்தான் நிறுத்தினாரே, அவருக்கு என்ன ஆயிற்று? நான் மட்டும் ஏன் ஆறு மாதம் விழுங்க வேண்டும், அக்கா?" என்கிறானாம். "இவனுக்கு நான் என்ன பதில் சொல்ல, அம்மா?" என்று அவள் கேட்க, சகோதரி அந்தக் கேள்வியை என்னிடம் தள்ளிவிட்டார்.

முதலில் அத்தானைப் பார்ப்போம். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தியது தப்பு. ஆனால் ஐந்து நாளில் நிறுத்தியது அவ்வளவு பெரிய தப்பு அல்ல. தோலுக்கடியில் பரவும் இந்த மாதிரிச் சிவப்பு வீக்கம் நன்றாக வடிந்துகொண்டு வந்தால் ஐந்து நாள் மருந்தே போதும் என்று இப்போது டாக்டர்களே ஒப்புக்கொள்கிறார்கள். அங்கே இருக்கும் கிருமி வேகமாகப் பெருகுவது. பெருகும் கிருமியைத்தான் இந்த மருந்துகள் எளிதில் கொல்லும். பெரும்பாலானவை முதல் சில நாளிலேயே மடிந்துபோகும். மிச்சத்தை நம் உடம்பே பார்த்துக்கொள்ளும்.

வடிகிறதா இல்லையா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். மருந்து தொடங்கும் அன்றே சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். முதல் நாள் கோட்டைச் சற்றுத் தாண்டினாலும் பயப்பட வேண்டாம். இரண்டு மூன்று நாளில் ஜுரம் விட்டு, சூடும் வலியும் குறைந்து, சிவப்பு கோட்டுக்குள்ளே சுருங்க வேண்டும். அப்படிச் சுருங்கினால், ஐந்தாம் நாள் டாக்டரிடம் காட்டி, "நிறுத்தலாமா?" என்று தாராளமாகக் கேளுங்கள். சீழ் கட்டினாலும், சிவப்பு கோட்டைத் தாண்டி ஏறிக்கொண்டே போனாலும், நோயாளிக்கு நீரிழிவு இருந்தாலும் இந்தக் கணக்கு செல்லாது.

"மாத்திரையைப் பாதியில் விட்டால் கிருமிக்கு மருந்து பழகிப்போகுமே?" என்று கேட்பீர்கள். எல்லா நோய்க்கும் அது பொருந்தாது. காலில் கிருமி ஒழிந்த பிறகும் மருந்தை விழுங்கினால், குடலிலும் தோலிலும் சும்மா இருக்கும் மற்றக் கிருமிகளின் மேல் அது பாய்கிறது. அவற்றில் மருந்துக்கு மசியாதவை மட்டும் தப்பிப் பெருகுகின்றன. ஆகவே இப்படிப்பட்ட நோயில், தேவைக்கு மேல் சாப்பிடும் ஒவ்வொரு நாளும் நஷ்டக் கணக்குத்தான்.

இனி தம்பியின் சமாசாரம். காசக் கிருமி வேறு ஜாதி. அது மிக மெதுவாகப் பெருகுவது. அதில் ஒரு பகுதி பெருகாமலே தூங்கிக் கிடக்கும். விழித்திருப்பவை முதல் சில வாரங்களில் செத்துவிடுவதால் இருமல் நிற்கிறது, பசி எடுக்கிறது, ஜுரம் விடுகிறது. தூங்குபவையோ நீறு பூத்த நெருப்பைப் போல அப்படியே கிடக்கும். மருந்தை நிறுத்தினால் சில மாதம் கழித்து மறுபடி பற்றிக்கொள்ளும். தனக்குச் சுகமாகிவிட்டது என்று தம்பி சொல்வது பொய் அல்ல. ஆனால் அந்தச் சுகம், கிருமி ஒழிந்ததற்கு அத்தாட்சி அல்ல.

இந்தப் பாடத்தை உலகத்துக்குக் கற்றுக் கொடுத்த இடங்களில் நம் சென்னையும் ஒன்று. 1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சைக்கென்று ஓர் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். அங்கே 193 ஏழை நோயாளிகளை எடுத்துக்கொண்டு, சிலரை சானடோரியத்தில் வைத்தும், சிலரை வீட்டிலேயே விட்டும், ஒரு வருஷம் ஒரே மருந்து கொடுத்தார்கள். நெருக்கடியான வீட்டில், சாதாரணச் சாப்பாட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே குணமடைந்தார்கள் என்று 1959-ல் அறிவித்தார்கள். ஆனால் சுகம் தெரிந்ததும் மாத்திரையை விட்டுவிடும் ஆசை அப்போதும் இருந்தது. அதனால் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய்ச் சிறுநீர் வாங்கி, மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று சோதித்தார்கள்!

அன்று ஒரு வருஷமும் அதற்கு மேலும் பிடித்த சிகிச்சை இன்று ஆறு மாதமாகக் குறைந்திருக்கிறதே, எப்படி? ரிஃபாம்பிசின், பைரசினமைடு என்ற மருந்துகள் வந்து, தூங்கும் கிருமியையும் பிடித்ததால்தான். ஆக, நாளை நிர்ணயிப்பது நோய் மட்டும் அல்ல, மருந்தும்தான்.

இன்னும் குறைக்கலாமே என்று அதே நிறுவனத்தார் சென்னையிலும் மதுரையிலும் புதிய மருந்து ஒன்றைச் சேர்த்து, நான்கு மாதச் சிகிச்சையைப் பரீட்சித்தார்கள். மருந்து முடிந்தபோது நோயாளிகள் நன்றாகத்தான் இருந்தார்கள். பிறகு, ஆறு மாதக்காரர்களைவிட இவர்களில் அதிகம் பேருக்கு நோய் திரும்பியது. பரீட்சையை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். 2013-ல் முடிவு வெளியாயிற்று. வேறு மருந்துக் கூட்டு கொண்ட நான்கு மாதச் சிகிச்சை ஒன்று, ஆறு மாதத்துக்கு ஈடாக வேலை செய்கிறது என்று 2021-ல் தெரிந்தது. தம்பி சாப்பிடுவது அந்தக் கூட்டு அல்ல. அவனுடைய மருந்துக்கு ஆறு மாதம்தான் கணக்கு. டாக்டர் நீட்டச் சொன்னால், நீட்டத்தான் வேண்டும்.

இன்னொன்று. வயிற்றைப் புரட்டுகிறது என்று சில மாத்திரையை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்றதைச் சாப்பிடுவது, முழுக்க விடுவதைவிடக் கெடுதல். கோடிக்கணக்கான காசக் கிருமிகளில் ஒரு மருந்துக்கு மசியாதவை சில எப்போதும் இருக்கும். மற்ற மருந்துகள் கூட இருந்தால் அவையும் சாகும். தனி மருந்தைக் கொடுத்தால் அவை மட்டும் தப்பிப் பெருகி, அந்த மருந்தே பயனற்றுப் போகும்.

காசநோய் மருந்திலும் உடனே நிறுத்த வேண்டிய சந்தர்ப்பம் உண்டு. கண் மஞ்சளானாலோ, ஓயாமல் வாந்தி எடுத்தாலோ, பார்வை மங்கினாலோ, அடுத்த வேளை மருந்தை விழுங்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மருந்தை மாற்றிக் கொடுப்பது அவர்கள் பொறுப்பு. சிறுநீர் செம்மஞ்சளாகப் போவதற்கு மட்டும் கலங்க வேண்டாம். அது ரிஃபாம்பிசினின் சாயம்.

சகோதரி, அந்த அம்மாளிடம் இப்படிச் சொல்லுங்கள்: "உன் வீட்டுக்காரர் காலில் இருந்தது வைக்கோல் நெருப்பு. குபீரென்று எரிந்தது, அணைந்தது. உன் தம்பி மார்பில் இருப்பது சாம்பலுக்கு அடியில் கிடக்கும் தணல். அணைந்தது போலத் தெரியும்போதுதான் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்." அவளே அடுப்பு மூட்டுகிறவள், தம்பிக்குப் புரியும்படி சொல்லிவிடுவாள்.

அத்தானிடம் மீந்த மாத்திரையை மட்டும் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். அடுத்த ஜுரத்துக்கு உதவும் என்று அதை அஞ்சறைப் பெட்டியில் போட்டு வைக்க வேண்டாம்.