பாக்கெட்டின் பின்பக்கம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவு ஷிப்டு பார்த்த காலத்தில் மிக்சர்தான் எனக்குத் துணை. இன்று ரத்தக் கொதிப்பு மாத்திரை. போன வாரம் திருவள்ளூர் கடையில் பாக்கெட்டுகளின் பின்பக்கத்தைப் போனில் படமெடுத்து, வீட்டில் பெரிதாக்கிப் படித்தேன்.

மிக்சரில் ஒரு 'செர்விங்'குக்கு சோடியம் 180 மி.கி., சிப்ஸில் 210. மிக்சர்தான் தேவலை என்று தோன்றுகிறதல்லவா? அங்கேதான் ஏமாற்று. மிக்சர்காரருக்கு செர்விங் 20 கிராம், சிப்ஸ்காரருக்கு 30. பொடி எழுத்தில் இருக்கும் 100 கிராம் கணக்கைப் பாருங்கள்: மிக்சர் 900, சிப்ஸ் 700. வரிசையே தலைகீழ்!

இருபது கிராம் என்பது ஒரு கைப்பிடி. அதோடு யார் நிறுத்துகிறார்கள்? 150 கிராம் பாக்கெட்டைக் காலி செய்தால் சோடியம் 1350 மி.கி. அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பு சுமார் 3.4 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்வதே 5 கிராமுக்குள்தான்.

சர்க்கரையிலும் இதே வித்தை. 'இரண்டு பிஸ்கட்டில் 4 கிராம்' என்பார்கள். அந்த இரண்டின் எடை 16 கிராம். அதாவது கால் பங்கு சர்க்கரை!

சர்க்கரை, உப்பு அளவுகளைத் தடித்த எழுத்தில் அச்சிடும் யோசனைக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஜூலையில் ஒப்புதல் கொடுத்தது. தடித்த எழுத்து மட்டும் போதாது. 100 கிராம் கணக்கு முன்பக்கத்துக்கே வரவேண்டும். அதுவரை பேரன் கேட்கும் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.