இருபது காசா, முப்பத்தேழு காசா?

மாடி வீட்டு சார் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு பிப்ரவரி 2ஆம் தேதியும் பட்ஜெட் செய்தி வந்த நாளிதழைக் கையில் பிடித்தபடி இறங்கி வருவார். 2025இல் வந்தபோது, ரூபாய் நாணயத்தைத் துண்டு போட்டுக் காட்டும் அந்த வட்டப் படத்தில் விரலை வைத்துக் கேட்டார்: "ரூபாய்க்கு இருபது காசுதானே வட்டி? இதுக்குப் போய் ஏன் இவ்வளவு கூச்சல் போடறீங்க?"

படம் பொய் சொல்லவில்லை. 2025-26க்கான மத்திய பட்ஜெட்டில் வட்டிச் செலவு 12.76 லட்சம் கோடி. மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி. வகுத்துப் பார்த்தால் ரூபாய்க்கு இருபத்தைந்து காசு வருகிறது. படத்தில் அது இருபதாகக் குறைவதற்குக் காரணம், மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வரிப் பங்கான 14.22 லட்சம் கோடியையும் அதே ரூபாய்க்குள் சேர்த்துவிடுவதுதான். மத்திய அரசின் 50.65 லட்சம் கோடிக் கணக்கில் அந்தப் பங்கு வராது. கடன் வாங்காமல் கைக்கு வரும் வருவாய் வரவு 34.20 லட்சம் கோடி. அதோடு ஒப்பிட்டால் வட்டி முப்பத்தேழு காசைத் தாண்டிவிடுகிறது. சம்பளக்காரர் ஒருவர் தன் கடன் தவணையைச் சம்பளத்தோடுதான் ஒப்பிடுவார். மேற்கொண்டு வாங்கிய கைமாற்றையும் கூட்டிக்கொண்டு, அதில் தவணை எத்தனை பங்கு என்று பார்க்கமாட்டார். அதனால் எனக்கு முப்பத்தேழுதான் சரியான கணக்கு.

பல தொகுதிகளாக நீளும் பட்ஜெட் ஆவணங்களுக்கு முன்னால் வரும் மெல்லிய புத்தகம் 'பட்ஜெட் ஒரு பார்வை'. அதிலுள்ள முதன்மை அட்டவணை ஒரே பக்கம்; இருபது வரிகூட இல்லை. பெரும்பாலான வாசகர்கள் அதைத் தாண்டிப் போவதில்லை, எனவே அந்தப் பக்கத்தில் எந்த எண்ணுக்குப் பக்கத்தில் எந்த எண் உட்கார்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அந்த அட்டவணை ஒரு விஷயத்தில் நேர்மையானது. முந்தைய ஆண்டின் உண்மைக் கணக்கு, நடப்பாண்டின் பட்ஜெட் மதிப்பீடு, அதன் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு என்று நான்கு பத்திகளும் அருகருகே நிற்கின்றன. இந்த நான்கில் ஒன்றைத் தூக்கிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மூலதனச் செலவே சாட்சி. 2024-25இல் 11.11 லட்சம் கோடி செலவிடுவதாகச் சொன்னார்கள். திருத்திய மதிப்பீட்டில் அது 10.18 லட்சம் கோடியாக இறங்கியது. 2025-26க்கு 11.21 லட்சம் கோடி என்றார்கள். திருத்திய எண்ணோடு ஒப்பிட்டால் பத்து சதவீத உயர்வு. முந்தைய வருடம் கொடுத்த வாக்கோடு ஒப்பிட்டால் ஒரு சதவீதம்கூட இல்லை. சுருக்கம் எழுதுகிறவர் இடமில்லை என்று பழைய மதிப்பீட்டுப் பத்தியை நீக்கினால், சொன்னதைச் செய்யாமல் விட்ட 93 ஆயிரம் கோடி சத்தமில்லாமல் மறைந்துவிடும், மிஞ்சுவது வளர்ச்சி மட்டும்தான். இப்படி நீக்குவதில் எப்போதும் கெட்ட எண்ணம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பக்க அகலம் போதாமல் போவதும் உண்டு.

அதே அட்டவணையோடு எனக்கு ஒரு சண்டையும் இருக்கிறது. 'மொத்த வரவு' என்ற வரியில் 50.65, 'மொத்தச் செலவு' வரியிலும் 50.65. கணக்கு அழகாகச் சமமாகிவிட்டது என்று அப்பாவி வாசகர் பக்கத்தை மூடிவிடுவார். அந்த வரவுக்குள் 15.69 லட்சம் கோடி கடனும் இதர பொறுப்புகளும் அடங்கியிருப்பது சற்று மேலே தனி வரியாக இருக்கிறது, நிதிப் பற்றாக்குறை என்ற பெயரில் அடியிலும் வருகிறது. ஆனால் இரண்டும் ஒரே தொகை என்று யாரும் சொல்லித் தருவதில்லை. நான் எழுதினால் முதல் வாக்கியமே இப்படி இருக்கும்: 'சம்பாதிப்பதும் பழைய பாக்கி வசூலும் பங்கு விற்பனையும் சேர்ந்து 34.96 லட்சம் கோடி, செலவு 50.65 லட்சம் கோடி, இடைவெளியைக் கடன் நிரப்புகிறது.'

இப்படி ஒரு பக்கச் சுருக்கம் எழுதும்போது விட வேண்டியவற்றில் முதலிடம் திட்டங்களின் பெயர்களுக்கு. ஒரு பக்கத்தில் பன்னிரண்டு திட்டப் பெயர்களை அடுக்கினால் அது சுவரொட்டியாகிவிடும். தொகையும் போன ஆண்டின் எண்ணும் இல்லாத பெயருக்கு அங்கே வேலையில்லை. அடுத்தது கடைசி கோடி வரை எழுதப்பட்ட எண்கள். 50,65,345 என்பது உள்ளே இருக்கட்டும், முன்பக்கத்துக்கு 50.65 போதும். துறைவாரி ஒதுக்கீட்டையும் நான் விட்டுவிடுவேன், நடப்பாண்டில் திருத்தத்தின்போது பெரிதாக ஏறியதும் இறங்கியதும் மட்டும் இரண்டு வரி.

இதையெல்லாம் மாடி வீட்டு சாரிடம் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தவர், முப்பத்தேழைப் பேனாவால் வட்டமிட்டார். "இதைப் படமாப் போட்டா யாரும் பாக்கமாட்டாங்க" என்று சொல்லிவிட்டு, தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மாடியேறிவிட்டார்.