ஏப்ரலில் வரும் பில்லுக்கு ஆகஸ்டில் பணம்

குடும்ப பட்ஜெட்டைக் கவிழ்ப்பவை பெரும்பாலும் எதிர்பாராத செலவுகள் அல்ல. தேதியும் தொகையும் முன்கூட்டியே தெரிந்தும் சம்பளத்தில் அடங்காதவைதான் கவிழ்க்கின்றன. பள்ளிக் கட்டணமும் வருடாந்திரக் காப்பீட்டுப் பிரீமியமும் இந்த ரகம்.

நாக்பூரில் வேலை பார்க்கும் ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம். அக்டோபரில் கார் இன்ஷூரன்ஸ் ரூ 12,000. ஜனவரியில் குடும்பத்துக்கான மருத்துவக் காப்பீடு ரூ 30,000. ஏப்ரலில் இரு குழந்தைகளின் பள்ளிக் கட்டணம் ரூ 60,000. ஜூனில் ஆயுள் காப்பீடு ரூ 24,000. ஆக மொத்தம் ரூ 1,26,000.

பள்ளிக் கட்டணத்தை மட்டும் கிரெடிட் கார்டில் தேய்த்துவிட்டு மாதம் ரூ 6,000 வீதம் அடைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் மூன்றரை சதவீத வட்டி, அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. என்று போட்டால் கடன் தீர 14 மாதம் ஆகும். கூடுதலாகப் போவது சுமார் ரூ 19,000. அது தீருவதற்குள் அடுத்த ஏப்ரல் வந்துவிடும். பாக்கி நிற்கும் வரை அதே கார்டில் வாங்கும் மளிகைக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடையாது. இதைப் பலர் கவனிப்பதே இல்லை.

மாற்று வழி, மாதாமாதம் ஒரு தொகையைத் தனியே ஒதுக்குவது. கணக்கர்கள் இதை 'சிங்க்கிங் ஃபண்ட்' என்பார்கள். (மூழ்குவது கடன்தான், நிதி அல்ல.) மொத்தத்தை 12-ஆல் வகுத்தால் மாதம் ரூ 10,500. எல்லோரும் போடும் கணக்கு இதுதான். முதல் வருடம் காலை வாருவதும் இதுதான்.

இவர்கள் ஆகஸ்ட் முதல் தேதியில் ஆரம்பிக்கிறார்கள். அக்டோபரையும் ஜனவரியையும் சிரமமின்றித் தாண்டிவிடுகிறார்கள். ஏப்ரல் வரை போட்டது ஒன்பது தவணை, ரூ 94,500. அதுவரை கட்ட வேண்டியதோ ரூ 1,02,000. ரூ 7,500 உதைக்கிறது. கடைசி பில் ஜூனிலேயே வந்துவிடுகிறது, பன்னிரண்டாவது தவணையோ ஜூலையில்தான் விழும். கோளாறு அங்கேதான்.

சரியான கணக்கு இப்படி: ஒவ்வொரு பில் தேதியிலும், அதுவரை கட்ட வேண்டிய மொத்தத்தை அதுவரை போட்டிருக்கக்கூடிய தவணைகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். அக்டோபருக்கு 12,000-ஐ மூன்றால் வகுத்தால் 4,000. ஜனவரிக்கு 42,000-ஐ ஆறால் வகுத்தால் 7,000. ஏப்ரலுக்கு 1,02,000-ஐ ஒன்பதால் வகுத்தால் 11,334. ஜூனுக்கு 1,26,000-ஐ பதினொன்றால் வகுத்தால் 11,455. இவற்றில் பெரியதுதான் உங்கள் மாதத் தொகை. முழுமையாக்கி ரூ 11,500 என்று வைத்துக்கொள்ளலாம். முதல் சுற்று முடிந்த பிறகு, ஜூலையிலிருந்து ரூ 10,500 போதும்.

பிப்ரவரியில் விழித்துக்கொண்டால் இந்தக் கணக்கு இரக்கமற்றது. மூன்று தவணையில் 60,000, அதாவது மாதம் 20,000. இயலாதவர்கள் அந்த ஒரு வருடம் மட்டும் பள்ளியில் டெர்ம் வாரியாகக் கட்ட அனுமதி கேட்பதே மேல்.

பணத்தை எங்கே வைப்பது? சம்பளக் கணக்கில் கூடாது. ஏ.டி.எம். கார்டு வாங்காத ஒரு தனி சேமிப்புக் கணக்கு போதும். சம்பளம் வந்த மறுநாளே பணம் அங்கே போகுமாறு வங்கியில் நிரந்தர உத்தரவு கொடுத்துவிடலாம். பங்குச் சந்தை ஃபண்டுகள் இதற்கு ஆகாது. சந்தை சரிந்திருக்கிறது என்று எந்தப் பள்ளியும் காத்திருக்காது.

மார்ச் மாதம்தான் ஆபத்தானது. அப்போது கணக்கில் ரூ 50,000 இருக்கும். வாஷிங் மெஷின் கண்ணில் படும். மன உறுதி மிக்கவர்களே இதில் சறுக்கியிருக்கிறார்கள். பிரிட்டனில் தேசியக் கடனை அடைக்க ஒதுக்கிய நிதியில் 1733-ல் கை வைத்தவர் பிரதமர் வால்போல். நில வரியை உயர்த்தாமல் தப்பிப்பதற்காக. எனவே பாஸ்புக்கின் உள்அட்டையில் பில் கட்டிய பின் இருக்க வேண்டிய இருப்பை எழுதி வையுங்கள். அக்டோபரில் 22,500, ஜனவரியில் 27,000, ஏப்ரலில் 1,500, ஜூனில் 500. இருப்பு இதற்குக் கீழே போனால் யாரோ கை வைத்திருக்கிறார்கள், அல்லது பில் ஏறியிருக்கிறது.

பில் ஏறத்தான் செய்யும். மருத்துவக் காப்பீட்டில் அடுத்த வயதுப் பிரிவுக்குள் நுழையும் வருடம் பிரீமியம் ஒரே தாவாகத் தாவும். பழைய ரசீதைப் பார்க்காமல் புதுப்பித்தல் நோட்டீஸைப் பார்த்து ஜூலையில் பட்டியலைத் திருத்துங்கள். பள்ளிக் கட்டணத்துக்கு பத்து சதவீதம் கூட்டியே எழுதுங்கள். பட்டியலில் எழுத வேண்டியது கெடு தேதியை, சலுகை நாட்கள் முடியும் தேதியை அல்ல. ஆண்டுப் பிரீமியம் கட்டும் மருத்துவ பாலிசியில், சலுகை நாட்களுக்குள் பணம் கட்டினால் பாலிசி தொடரும். ஆனால் கெடு முடிந்து பணம் கட்டும் வரையிலான நாட்களில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் அந்தச் செலவு உங்களுடையது.